30 வீதம் 44 ஆனபோது: ஓய்வுகாலப் பணத்தை வருடத்துக்கு ஒருமுறை சரிசெய்வது எப்படி?

உப்புவெளியில் இருக்கும் எங்கள் சித்தப்பாவிடம் ஒரு எண்பது பக்கக் கொப்பி இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்றதுதான். மட்டையில் பிள்ளையார் சுழி, உள்ளே வருடத்துக்கு ஒரு பக்கம். 2020 கடைசியில் வேலையை விட்டு வந்தபோது கையில் கிடைத்த பணத்துக்கான கணக்கு அது. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்து 60 இலட்சம் ரூபாய். மாதாமாதம் பென்சன் வருகிற அரசாங்க உத்தியோகம் இல்லை. சாகும்வரை இந்தப் பணத்தில்தான் வாழ வேண்டும்.

நான் கணக்கு வேலை செய்பவன் என்பதால் கொப்பியோடு என்னிடம் வந்தார். இரண்டு பேருமாக இருந்து பிரித்தோம். 42 இலட்சத்தை வங்கிகளில் நிலையான வைப்பில் போடுவது, 18 இலட்சத்தை, பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குச் சந்தையில் முதலிடும் யூனிட் டிரஸ்ட் ஒன்றில் போடுவது. அதாவது நூற்றுக்கு 70 வைப்பு, 30 பங்கு. வைப்பின் வட்டி வீட்டுச் செலவுக்கு. யூனிட் டிரஸ்ட் பத்துப் பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, சாமான் விலை எங்கே போய் நிற்குமோ தெரியாத காலத்துக்கு. வட்டியை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் 42 இலட்சம் 42 இலட்சமாகவேதான் இருக்கும், அரிசி விலை அப்படி இருக்காது. பங்கு வைத்ததன் காரணம் அவ்வளவுதான்.

இந்த 70, 30 என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விகிதம் என்று சொல்லப்போகிறேன். அதை வருடத்தில் ஒரு நாள் எடுத்துப் பார்த்து, விலகியிருந்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதற்கு ஆங்கிலத்தில் ரீபேலன்சிங் என்று பெயர். நான் சமப்படுத்துதல் என்றே எழுதுகிறேன். பெயர்தான் பெரிது, வேலை அரை நாள்.

ஏன் விலகுகிறது என்பது கொப்பியின் இரண்டாவது பக்கத்தைப் பார்த்தாலே விளங்கும். 2020 முடிவில் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 6,774. 2021 முடிவில் 12,226. ஒரே வருடத்தில் 80 வீத ஏற்றம். கணக்கு எளிதாக இருப்பதற்காக, சித்தப்பாவின் யூனிட் டிரஸ்ட் சுட்டெண்ணோடு ஒட்டியே நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம், பங்கிலாபம் எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். 18 இலட்சம் 32.5 இலட்சம் ஆகிவிட்டது. வைப்பு அதே 42. மொத்தம் 74.5 இலட்சம். இப்போது பங்கு எத்தனை வீதம்? 32.5ஐ 74.5ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 44.

சித்தப்பா ஒரு புதுப் பங்குகூட வாங்கவில்லை. எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கவில்லை. ஆனாலும் நூற்றுக்கு 30 பங்கு வைத்திருந்த மனிதர், தூங்கி எழும்பும்போது 44 வைத்திருப்பவராகிவிட்டார். 2021 தொடக்கத்தில் அவரிடம் போய், "சித்தப்பா, பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பங்கில போடுவமா?" என்று கேட்டிருந்தால் செருப்பைத் தேடியிருப்பார். சந்தை அவரிடம் கேட்காமலே அதைச் செய்துவிட்டது.

சமப்படுத்தும் கணக்கு இப்படி. மொத்தம் 74.5 இலட்சம். அதில் 30 வீதம் 22.4 இலட்சம். யூனிட் டிரஸ்டில் இருப்பது 32.5. கூடுதலாக இருக்கும் 10.1 இலட்சத்தை விற்று வைப்பில் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் வைப்பு 52.1, பங்கு 22.4.

2022 ஜனவரியில் இதைச் செய்யச் சொன்னபோது சித்தப்பாவுக்கு மனமில்லை. நல்லாய் ஓடுகிற மாட்டை ஏன் விற்பான் என்று கேட்டார். அந்த மாதம் ஊரில் எல்லோரும் பங்குக் கதைதான் கதைத்தார்கள். டொக்யார்ட் வீதித் தேநீர்க்கடையில்கூட ஒருவர் எந்தப் பங்கு வாங்கலாம் என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் ஒன்றுதான் கேட்டேன்: "போன வருஷம் முப்பது போதும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள், இந்த வருஷம் உங்களுக்கு வயசு குறைஞ்சு போச்சா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் விற்கும் படிவத்தில் கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு 2022 எப்படிப் போனது என்று இலங்கையில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்க, ஊருக்குள் பெட்ரோலுக்கு நாங்கள் வரிசையில் நின்றோம். ஏப்ரலில் பங்குச் சந்தையையே ஒரு வாரம் மூடி வைத்தார்கள். அந்த வாரம் பணம் தேவைப்பட்டவர் பங்கை விற்று எடுக்க வழியில்லை, வங்கியில் இருந்த வைப்புத்தான் கைகொடுத்திருக்கும். வருடம் முடியும்போது சுட்டெண் 8,490. முந்தைய வருட முடிவிலிருந்து ஏறக்குறைய 31 வீத வீழ்ச்சி.

கொப்பியில் அந்த வருடப் பக்கத்தை நடுவால் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து எழுதினேன். இடப்பக்கம் நாங்கள் செய்தது, வலப்பக்கம் தொடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. தொடாமல் விட்டிருந்தால் பங்கு 32.5 இலட்சத்திலிருந்து 22.6க்கு வந்திருக்கும். 42 வைப்போடு மொத்தம் 64.6. ஒரு வருடத்தில் 9.9 இலட்சம் குறைவு. நாங்கள் செய்த பக்கத்தில் 22.4 இலட்சம் 15.5 ஆனது, 52.1 வைப்போடு மொத்தம் 67.6. குறைந்தது 6.9 இலட்சம். அதுவும் நட்டம்தான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் சித்தப்பாவின் குடும்பத்துக்கு மூன்று இலட்சம் என்பது பல மாதச் செலவு. அதோடு வைப்பில் பத்து இலட்சம் கூடுதலாக இருந்ததால், மாவும் எரிவாயுவும் விலையேறிய அந்த வருடத்தில் மாத வட்டியும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

இதுவரை கேட்டால் நான் சந்தை விழுமென்று முன்கூட்டியே அறிந்து விற்கச் சொன்னதுபோல இருக்கும். இல்லவே இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. 2022 இலும் சந்தை இன்னொரு 80 வீதம் ஏறியிருந்தால் இதே கொப்பி என்னைத் திட்டியிருக்கும், சித்தப்பா அதைவிடக் கூடுதலாகத் திட்டியிருப்பார். சமப்படுத்துகிறவர் சந்தை எங்கே போகும் என்று சொல்வதே இல்லை. தான் தாங்கக்கூடிய அளவு இவ்வளவுதான் என்று முன்பு சொன்னதையே திரும்பச் சொல்கிறார்.

இதில் உண்மையாகவே கடினமான நாள் விற்கும் நாளல்ல, வாங்கும் நாள். 2023 ஜனவரி. பங்கு 15.5 இலட்சம், மொத்தம் 67.6. விகிதம் 23 வீதத்துக்கு இறங்கியிருந்தது. 30க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் 20.3 இலட்சம் இருக்க வேண்டும். அதாவது வைப்பிலிருந்து 4.8 இலட்சத்தை எடுத்து, முப்பது வீதம் விழுந்த பொருளுக்குள் போட வேண்டும். அந்த நேரம் அரசாங்கம் கடன் வாங்குவதற்காக விற்கும் 364 நாள் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தை ஒட்டி நின்றது. வங்கிகளும் ஒரு வருட வைப்புக்கு இருபதுக்கு மேல் தரத் தயாராக இருந்தன.

"தம்பி, இருபது வட்டி தாறன் எண்டு வங்கிக்காரன் கூப்பிடுறான். அதை விட்டுட்டுக் கவிழ்ந்த தோணியில ஏறச் சொல்றியே?" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி. எனக்கே கை நடுங்கியது என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. முந்தைய செப்டெம்பரில் விலைவாசி வருட அடிப்படையில் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியிருந்ததால், இருபது வட்டி என்பது பார்ப்பதற்குத்தான் பெரிது என்று சொல்லிப் பார்த்தேன். அது அவர் மனதில் ஏறவில்லை. கடைசியில் அவரை ஒப்புக்கொள்ள வைத்தது வேறொன்று: வைப்பில் இன்னும் 47 இலட்சம் இருக்கும், இருபது வட்டி அதற்கும் கிடைக்கத்தானே போகிறது? 4.8 இலட்சத்தை மட்டும்தான் மாற்றுகிறோம்.

அந்த வருடம் சுட்டெண் 10,654க்கு ஏறியது, 25 வீதத்துக்குச் சற்று மேலே. மாற்றிய 4.8 இலட்சத்துக்கு ஏறக்குறைய 1.2 இலட்சம் கிடைத்தது. வைப்பில் இருபது வட்டிக்கு விட்டிருந்தால் ஒரு இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய வித்தியாசமில்லை. ஆகவே இதைச் செய்தபடியால் கொள்ளை இலாபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2024 ஜனவரியில் பங்கு 25.5, மொத்தம் 72.8, விகிதம் சரியாக 35. இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். விகிதம் ஒன்று இரண்டு புள்ளி விலகியதற்கெல்லாம் விற்று வாங்கத் தொடங்கினால் கட்டணத்துக்குத்தான் உழைப்போம். பங்குகளை நேரடியாக வாங்கி விற்பவருக்குத் தரகர் கட்டணம், சந்தைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்துச் சாதாரண தொகைகளுக்கு 1.12 வீதம் போகிறது. பத்து இலட்சம் விற்றால் 11,200 ரூபாய். அந்தப் பணத்தில் வேறு பங்கு வாங்கினால் இன்னொரு 1.12. யூனிட் டிரஸ்டில் கட்டணம் வேறு மாதிரி. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் ஒரு வித்தியாசம் வைத்திருப்பார்கள், சில நிதியங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியேறினால் தனியாகப் பிடிப்பார்கள். அதனால் நாங்கள் வைத்துக்கொண்ட விதி: வருடத்தில் ஒரு நாள் பார்ப்பது, 30 என்பது 25க்கும் 35க்கும் இடையில் இருந்தால் கொப்பியை மூடிவிட்டுத் தேநீர் குடிப்பது. வெளியே போயிருந்தால் மட்டும் சரிசெய்வது.

35 என்று வந்தபோது என்ன செய்வது என்று இருவரும் சிரித்தோம். எல்லையில் நிற்கும்போது எதைச் செய்தாலும் பிழையில்லை. சித்தப்பா முந்தைய வருடம் பட்ட பயத்தில் சரிசெய்துவிடச் சொன்னார். 3.7 இலட்சம் வைப்புக்குப் போனது. பங்கு 21.8, வைப்பு 51.

வருடத்துக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை பார்த்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பார்க்கலாம், கெட்டுப் போகாது. ஆனால் மாதாமாதம் பார்க்கிறவருக்கு மாதாமாதம் ஏதாவது செய்யவேண்டும்போல இருக்கும். கட்டணம் ஒருபக்கம் இருக்க, ஏறத் தொடங்கியதை ஏற விடாமல் உடனே வெட்டிவிடுவதும் நடக்கும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்று விட்டாலோ 2021 போன்ற ஒரு வருடம் வந்து விகிதத்தைத் தலைகீழாக்கிவிட்டுப் போய்விடும். வருடத்துக்கு ஒன்று என்பதில் மந்திரம் எதுவும் இல்லை, வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல நினைவில் நிற்கும் என்பதுதான் அதன் சிறப்பு.

சரி, அந்த ஒரு நாளை எப்படித் தெரிவு செய்வது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நம்மவர்களுடைய பணத்தில் பெரும்பகுதி நிலையான வைப்பில் இருக்கிறது. நிலையான வைப்பை நினைத்த நாளில் எடுக்க முடியாது. எடுத்தால் வங்கி பேசிய வட்டியைக் குறைத்துத்தான் தரும். ஏற்கனவே மாத வட்டி வாங்கியிருந்தால் கூடுதலாகத் தந்ததை வைப்புத் தொகையிலிருந்து கழித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே சமப்படுத்தும் நாளை நாட்காட்டியில் தேடக்கூடாது, வைப்புச் சான்றிதழில் தேட வேண்டும். எந்த நாளில் ஒரு வைப்பு முதிர்கிறதோ அந்த நாளை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பாவின் 42 இலட்சத்தை ஒரே வைப்பாகப் போடாமல், தலா 7 இலட்சமாக ஆறு வைப்புகளாக வேறு வேறு வங்கிகளில் போட்டிருந்தோம். இரண்டு மாதத்துக்கு ஒன்று முதிரும். ஒரு வங்கி விழுந்தாலும் அரசாங்க வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் ஓர் எல்லை வரைதான் தரும் என்பதும் அப்படிப் பிரித்ததற்கு ஒரு காரணம். ஜனவரியில் முதிரும் வைப்புத்தான் எங்களுடைய நெம்புகோல். 2022 ஜனவரியில் வந்த 10.1 இலட்சத்தையும் ஒரு வருட வைப்புகளாகவே போட்டோம். அதனால் அடுத்த ஜனவரியில் 4.8 இலட்சம் தேவைப்பட்டபோது எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

ஜனவரியைத் தெரிவு செய்ததற்கு வேறு பெரிய காரணம் இல்லை. வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும், கடல் கொந்தளிக்கும், சித்தப்பா வெளியே அதிகம் போகமாட்டார், தைப்பொங்கலுக்கு முன்னால் வீட்டில் எல்லாக் கடுதாசிகளையும் அடுக்கி வைப்பது சித்தியின் வழக்கம். வருட முடிவுச் சுட்டெண்ணும் கையில் இருக்கும்.

ஒரு சின்ன விபத்தைச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் நாங்கள் சரிசெய்யப் போன வாரம், நெம்புகோலாக வைத்திருந்த வைப்பு ஏற்கனவே தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில், முதிர்வு நாளன்று வேறு அறிவுறுத்தல் இல்லாவிட்டால் அதே காலத்துக்குப் புதுப்பிக்கப்படும் என்று இருக்கிறது. நாங்கள் போனது நான்கு நாள் பிந்தி. அந்த வருடம் வைப்புக்குள் பணம் வரவேண்டியிருந்ததே தவிர, போகவேண்டியிருக்கவில்லை. அதனால் தப்பினோம். முந்தைய வருடம் அப்படி நடந்திருந்தால் 4.8 இலட்சத்துக்காக வைப்பை உடைத்திருக்க வேண்டும், அல்லது அடுத்தது முதிரும்வரை இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இப்போது முதிர்வுக்கு ஒரு வாரம் முன்பே போய், முதிர்ந்ததும் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கும்படி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கொப்பியின் பின்மட்டையில் ஆறு முதிர்வுத் திகதிகளும் சிவப்பு மையில் இருக்கின்றன.

அன்றைக்குச் செய்யும் வேலை இவ்வளவுதான். வைப்புச் சான்றிதழ்களின் தொகையைக் கூட்டி ஒரு வரியில் எழுதுவது. யூனிட் டிரஸ்டில் எத்தனை யூனிட் இருக்கிறதோ அதை அன்றைய விற்கும் விலையால் பெருக்கி அடுத்த வரியில் எழுதுவது. வாங்கின விலையை எழுதக்கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சித்தப்பா முதல் தடவை எழுதிக் கொண்டுவந்த தாளில் பங்குக்கு நேரே 18 என்றுதான் இருந்தது. "போட்டது 18தானே?" என்றார். போட்டது முக்கியமில்லை, இன்று விற்றால் எவ்வளவு வரும் என்பதுதான் கணக்கு. இரண்டையும் கூட்டி மொத்தம், மொத்தத்தை 0.30ஆல் பெருக்கினால் பங்கு இருக்கவேண்டிய தொகை, அதற்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் நகர்த்த வேண்டிய பணம்.

எதையெல்லாம் சேர்க்கக்கூடாது என்பதிலும் ஒரு சண்டை வந்தது. இருக்கிற வீட்டைச் சேர்க்கச் சொன்னார், நிலாவெளிப் பக்கம் இருக்கும் காணித்துண்டைச் சேர்க்கச் சொன்னார், சித்தியின் நகையையும் சேர்க்கச் சொன்னார். வீட்டில் பத்து வீதத்தை வெட்டி விற்க முடியாது. சித்தியின் தாலிக்கொடியிலிருந்து இரண்டு பவுணை உருக்கிப் பங்கு வாங்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தேவையானபோது கொஞ்சமாக எடுக்கவும் சேர்க்கவும் முடிவதை மட்டும்தான் கணக்கில் எடுத்தோம். ஆறு மாதச் செலவுக்கான பணம் சேமிப்புக் கணக்கில் தனியாகக் கிடக்கிறது, அதையும் சேர்ப்பதில்லை. அது அவசரத்துக்கு.

இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வேலை இதைவிடச் சுலபம், விற்காமலே செய்யலாம். சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் போகிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி அரசாங்க முறிகளில் இருக்கிறது, வருடாவருடம் வட்டி அறிவிக்கிறார்கள். ஆகவே அதை வைப்புப் பக்கத்திலேயே கணக்கு வைக்கலாம். அதை நீங்கள் நினைத்தபடி கூட்டவும் குறைக்கவும் முடியாது. ஆனால் மாதம் தனியாகச் சேமிக்கும் ஐயாயிரமோ பத்தாயிரமோ உங்கள் கையில் இருக்கிறது. பங்கு குறைந்திருந்தால் அந்தப் பணம் யூனிட் டிரஸ்டுக்கு, பங்கு கூடியிருந்தால் வைப்புக்கு. கட்டணமும் மிச்சம், விற்கிற மனவருத்தமும் இல்லை.

ஓய்வில் இருப்பவர் இதையே மறுபக்கத்தால் செய்யலாம். மகளின் கல்யாணத்துக்கோ கூரை திருத்தவோ ஒரு தொகை எடுக்க வேண்டியிருந்தால், எந்தப் பக்கம் கூடியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறார்கள். பங்கு ஏறிக்கொண்டிருக்கும்போது அதைத் தொட மனமில்லாமல் வைப்பை உடைப்பார்கள். ஏற்கனவே 44 ஆகியிருக்கும் விகிதம் அப்போது ஐம்பதைத் தாண்டும்.

வரி பற்றிச் சுருக்கமாக. கொழும்புச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளை விற்று வரும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. வைப்பு வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள், முன்பு 5 ஆக இருந்தது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள். சித்தப்பா அந்தப் படிவத்தை ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுத்தார். சமப்படுத்தும்போது புது வைப்பு ஒன்று வேறு வங்கியில் திறந்தால் அங்கேயும் கொடுக்க மறக்கக்கூடாது.

இன்னொரு தவறு இருக்கிறது, அதைச் சமப்படுத்துதல் என்றே நினைத்துக்கொண்டு செய்வார்கள். சந்தை ஏறிய வருடத்தில், "இனி எனக்கு 30 போதாது, 45 வைப்பம்" என்று விகிதத்தையே மாற்றிவிடுவது. அடுத்த வருடம் விழுந்ததும், "பத்துப் போதும்." இப்படிச் செய்கிறவர் உயரத்தில் வாங்கிப் பள்ளத்தில் விற்கிறார், கொப்பியில் எழுதிவைத்துச் செய்கிறார் என்பது மட்டும்தான் வித்தியாசம். விகிதத்தை மாற்றவே கூடாது என்றில்லை. வயது எழுபதைத் தாண்டினால் 30ஐ 20 ஆக்கலாம், பிள்ளை வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் அனுப்பத் தொடங்கினால் கூட்டவும் செய்யலாம். மாற்றத்துக்கான காரணம் உங்கள் வீட்டில் நடந்ததா, சந்தையில் நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். சந்தையில் என்றால் பேனாவைக் கீழே வையுங்கள்.

2025 ஜனவரிப் பக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். 2024 இல் சுட்டெண் ஏறக்குறைய 50 வீதம் ஏறியது. இடப்பக்கத்தில் பங்கு 32.6 இலட்சம், வைப்பு 51, மொத்தம் 83.6. விகிதம் 39. வலப்பக்கத்தில், நான்கு வருடமும் தொடாமல் விட்டிருந்தால், பங்கு 42.4, வைப்பு 42, மொத்தம் 84.4.

சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தொடாமல் விட்டிருந்தால் எண்பதாயிரம் கூட இருந்திருக்குமே தம்பி."

இருந்திருக்கும். கடைசி மூன்று வருடம் வைப்பில் கூடுதலாக இருந்த பணத்துக்கு சராசரியாக 8 வீதம் என்று போட்டாலும் ஏறக்குறைய இரண்டு இலட்சம் வட்டி வந்திருக்கிறது, அதை நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வலப்பக்கத்தில் வைப்பும் பங்கும் பாதிக்குப் பாதி என்பதை விரலால் தொட்டுக் காட்டினேன். 2022 போல இன்னொரு 31 வீதம் வந்தால் அந்தப் பக்கத்துக்காரருக்கு 13 இலட்சம் போகும். 30 வீதத்துக்குச் சரிசெய்தவருக்கு எட்டுக்குக் கொஞ்சம் குறைவாக.

83.6இல் 30 வீதம் 25.1. விற்கவேண்டியது 7.5 இலட்சம். வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. சித்தி குடையை எடுத்துக் கொடுத்தார். ஒரு வருட வைப்புக்கு வட்டி எட்டு ஒன்பதுதான் என்று வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார் சித்தப்பா, இருபது தந்த காலத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் அவர் என்ன சொன்னார் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.